விகிதம் சரியாக இருந்து கொள்ளளவு குறைந்தால் அது சுருக்க நோய்தானா?

மேர்பேங்க் மாணவன் | 4 மார்ச் 2024, இரவு

என் தாய்மாமனுக்கு வயது 58, உயரம் 168 சென்டிமீட்டர். டர்பனில் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 2006இல் காசநோய் வந்து ஆறு மாத மருந்தை முழுமையாக முடித்தார். புகைப்பதையும் அந்த ஆண்டிலேயே விட்டுவிட்டார். இப்போது மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கிளினிக்கில் ஸ்பைரோமெட்ரி எடுத்தார்கள். முழு பலத்துடன் ஊதிய மொத்தக் காற்றான எஃப்விசி 2.10 லிட்டர், அதில் முதல் நொடியில் வெளிவந்த எஃப்இவி-1 1.55 லிட்டர், இரண்டின் விகிதம் 0.74. அவருடைய வயதுக்கும் உயரத்துக்கும் எதிர்பார்க்கும் அளவில் எஃப்விசி 55 சதவீதம்தான் என்று அச்சாகி, கீழே ‘ரெஸ்டிரிக்டிவ்’ என்று ஒரே ஒரு சொல் இருக்கிறது.

நான் இரண்டாம் ஆண்டு உடலியங்கியல் படிக்கிறேன். விகிதம் குறைந்தால் அடைப்பு நோய், விகிதம் சரியாக இருந்து கொள்ளளவு குறைந்தால் சுருக்க நோய் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். அந்தக் கணக்கில் அறிக்கை சரிதான். ஆனால் மாமாவுக்குக் குளிர்காலத்தில் மூச்சு விடும்போது விசில் சத்தம் கேட்கிறது, நெஞ்சு எக்ஸ்ரேயில் நுரையீரல்கள் சிறுத்துத் தெரியவில்லை. சுருங்கிய நுரையீரல் ஏன் விசிலடிக்க வேண்டும்?

மாரிட்ஸ்பர்க் செவிலி | 4 மார்ச், இரவு

தம்பி, இதில் குழப்பத்துக்கு இடமில்லை. விகிதம் 0.70க்கு மேல் இருப்பதால் அடைப்பு இல்லை. காசநோய் வந்த நுரையீரலில் தழும்பு விழும், தழும்பு நுரையீரலை இறுக்கிப் பிடிக்கும், அதனால் கொள்ளளவு குறையும். எங்கள் வார்டில் பழைய காசநோயாளிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். விசில் சத்தம் தொண்டையிலிருந்தும் வரலாம்.

ஆய்வகத்து அக்கா | 5 மார்ச், காலை

செவிலி சொன்னதில் தழும்பைப் பற்றிய பாதி சரி. அடைப்பு இல்லை என்று முடிவு கட்டிய பாதியை நான் ஏற்க மாட்டேன். நுரையீரல் செயல்திறன் ஆய்வகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் சொல்கிறேன், இந்த ஒரு சொல் அறிக்கை தவறான வழியில் அனுப்பிவிட்ட நோயாளிகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். சுருக்க நோய் என்பதற்கு உரிய அடையாளம் மொத்த நுரையீரல் கொள்ளளவு குறைவது. எஃப்விசி குறைவதை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது. ஒருவர் தன்னால் இயன்ற மட்டும் ஊதி முடித்த பிறகும் நெஞ்சுக்குள் எஞ்சி நிற்கும் காற்றை ஸ்பைரோமீட்டரால் அளக்கவே முடியாது, ஏனென்றால் வாய் வழியாக வெளியே வந்த காற்றை மட்டுமே அந்தக் கருவி அறியும். ஆகவே எஃப்விசி குறைந்தால் அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். நுரையீரலே சிறுத்திருக்கலாம், அல்லது நுரையீரல் இயல்பான அளவில் இருந்தும் எஞ்சிய காற்று பெருகி, வெளியே வரக்கூடிய பங்கைத் தின்றுவிட்டிருக்கலாம். 1999இல் கனடாவின் ஒட்டாவாவிலிருந்து வெளிவந்த ஆய்வில், இதே போல எஃப்விசி குறைந்து விகிதம் சரியாக இருந்தவர்களின் மொத்தக் கொள்ளளவை அளந்து பார்த்தபோது, உண்மையான சுருக்கம் இருந்தவர்கள் 60 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. நாணயம் சுண்டுவதைவிடச் சற்றே மேல் என்று எங்கள் ஆய்வகத்தில் சொல்வோம். அதே ஆய்வு மறுபக்கத்தை உறுதியாகச் சொன்னது: எஃப்விசி இயல்பாக இருந்தால் சுருக்க நோய் இல்லை என்று பெரும்பாலும் நிம்மதியாக இருக்கலாம்.

மாணவனிடம் ஒரு கேள்வி. மாமா எத்தனை நொடிகள் ஊதினார்? தாளில் நேரத்துக்கு எதிரே கொள்ளளவைக் காட்டும் ஒரு கோடு இருக்கும். அதன் கடைசிப் பகுதி தட்டையாகிப் படுத்திருக்கிறதா, இன்னும் ஏறிக்கொண்டே இருக்கும்போது அறுந்திருக்கிறதா?

போர்ட் லூயி வாசகி | 5 மார்ச், மதியம்

வணக்கம். என் கணவருக்கு விரலில் மாட்டும் கருவியில் 97 காட்டுகிறது. அப்படியானால் நுரையீரல் நன்றாக இருக்கிறது என்றுதானே பொருள்? இந்த ஊதும் சோதனை அவசியமா?

ஆய்வகத்து அக்கா | 5 மார்ச், மதியம்

அம்மா, விரல் கருவி இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைச் சொல்கிறது. நுரையீரலுக்குள் எவ்வளவு காற்று போகிறது, எவ்வளவு வேகத்தில் வெளியே வருகிறது என்பது அதற்குத் தெரியாது. நுரையீரலின் திறனில் கணிசமான பங்கை இழந்தவருக்கும் ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது 97 காட்டலாம். உங்கள் கணவருக்கு மூச்சு வாங்கினால் தனி இழை தொடங்குங்கள், அங்கே பேசுவோம்.

மேர்பேங்க் மாணவன் | 5 மார்ச், இரவு

தாளை மறுபடியும் வாங்கிப் பார்த்தேன். ஊதிய நேரம் 4 நொடி. கோடு படுக்கவில்லை, ஏறிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது. தலை சுற்றியதால் நிறுத்திவிட்டதாக மாமா சொல்கிறார். ஓட்டத்தையும் கொள்ளளவையும் காட்டும் இன்னொரு வரைபடத்தில், உச்சியிலிருந்து இறங்கும் பக்கம் உள்நோக்கிக் குழிந்திருக்கிறது.

ஆய்வகத்து அக்கா | 6 மார்ச், காலை

அந்தக் குழிவு முக்கியமான தடயம். நுரையீரல் உண்மையிலேயே விறைத்துச் சுருங்கினால், அதன் மீளும் விசை மூச்சுக்குழாய்களைத் திறந்து வைத்திருப்பதால் காற்று வேகமாக வெளியேறும். வரைபடம் அகலம் குறைந்து, உயரம் ஓரளவு காக்கப்பட்டு, இறங்கும் பக்கம் நேராகவோ சற்றுப் புடைத்தோ இருக்கும். விகிதமும் 0.85, 0.90 என்று ஏறி நிற்பதைத்தான் நாங்கள் வழக்கமாகப் பார்ப்போம். 0.74 என்பது 58 வயதுக்காரருக்கு ‘சரி’ என்ற எல்லைக்குள் இருக்கிறது என்பது உண்மை, ஆனால் விறைத்த நுரையீரலுக்கு அது மந்தமான எண்.

இனி விகிதம் எப்படி ஏமாற்றுகிறது என்பதைச் சொல்கிறேன். விகிதம் ஒரு பின்னம். அடைப்பு நோயில் மேலே உள்ள எஃப்இவி-1 குறையும், கீழே உள்ள எஃப்விசி அவ்வளவாகக் குறையாது, ஆகவே பின்னம் சரியும் என்பதுதான் பாடம். ஆனால் சிறிய மூச்சுக்குழாய்கள் ஊதத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே முழுமையாக மூடிக்கொண்டால், அவற்றுக்குப் பின்னால் இருக்கும் காற்று முதல் நொடியிலும் வராது, கடைசி நொடியிலும் வராது. மேலும் கீழும் ஒரே வீதத்தில் தேய்ந்துபோக, பின்னம் அப்படியே நிற்கும். இதோடு நோயாளி நான்கு நொடியில் நிறுத்திவிட்டால், மெதுவாக வடிந்து வர வேண்டிய காற்றும் கீழ் எண்ணில் சேராது; விகிதம் இன்னும் நல்லதாகத் தோன்றும். எஃப்இவி-1 ஆரம்பத்திலேயே கிடைத்துவிடுவதால் அதற்கு இந்தச் சேதம் இல்லை.

ஆகவே மறு சோதனையில் இரண்டு காரியங்களைக் கேட்டு வாங்குங்கள். கடைசி ஒரு நொடியில் 25 மில்லிலிட்டருக்கு மேல் காற்று வராத நிலை வரை, அல்லது 15 நொடி ஆகும் வரை ஊத வைக்க வேண்டும். பிறகு, பலத்துடன் ஊதாமல், மெதுவாக, நிதானமாக முழுக் காற்றையும் வெளியே விடும் உயிர்ப்புத் திறன் சோதனையையும் செய்ய வேண்டும். பலமாக ஊதும்போது நெஞ்சின் அழுத்தமே சிறு குழாய்களை நசுக்கும். மெதுவாக விட்டால் அவை அதிக நேரம் திறந்திருக்கும். இரண்டு அளவுகளுக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தால், காற்று சிறைப்பட்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

இன்னொன்று. நம் நாட்டில் பழைய காசநோய்க்காரர் இருமிக்கொண்டு வந்தால், ஊதும் சோதனைக்கு முன்பு சளியைச் சோதித்து நோய் திரும்பவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். அந்த அறையில் அடுத்து உட்காரப் போகிறவருக்கும் அது பாதுகாப்பு.

டொங்காட் தாத்தா | 6 மார்ச், மாலை

எனக்கு 71 வயது. சர்க்கரை ஆலையில் இருந்தேன். எனக்கும் ‘ரெஸ்டிரிக்டிவ்’ என்றே எழுதினார்கள். என் எடை 118 கிலோ என்பதை யாரும் எழுதவில்லை. கொழுப்புதான் நுரையீரலைச் சுருக்கிவிட்டது என்று என் மருமகள் சொல்லி, எனக்குச் சோற்றைக் குறைத்துவிட்டாள். இது உண்மையா, அல்லது அரிசி மிச்சம் பிடிக்கும் திட்டமா?

ஆய்வகத்து அக்கா | 6 மார்ச், இரவு

தாத்தா, மருமகள் சொல்வதில் பொருள் இருக்கிறது, ஆனால் கொஞ்சம் திருத்தம் வேண்டும். வயிற்றுக் கொழுப்பு உதரவிதானத்தை மேலே தள்ளுவதால், இயல்பாக மூச்சு விட்டு முடிந்த நிலையில் நுரையீரலில் தங்கும் காற்று முதலில் குறைகிறது. மொத்தக் கொள்ளளவு கடைசியில்தான் குறையும். எடை மிக அதிகமாக இருந்தாலொழிய அது பெரும்பாலும் இயல்பான எல்லைக்குள்ளேயே நிற்கும். ஆகவே எஃப்விசி பாதியாகக் குறைந்திருந்தால் பழி முழுவதையும் வயிற்றின் மேல் போடக் கூடாது. உங்கள் எண்கள் என்ன?

டொங்காட் தாத்தா | 7 மார்ச், காலை

தாள் தொலைந்துவிட்டது. 80 சதவீதத்துக்குப் பக்கத்தில் என்று நினைவு. சோறு இன்னும் குறைவுதான்.

மாரிட்ஸ்பர்க் செவிலி | 7 மார்ச், மாலை

அக்கா சொன்ன விளக்கத்தை இரண்டு முறை படித்தேன். சிறைப்பட்ட காற்றைப் பற்றிய பகுதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம் நிற்கிறது. ஆட்களின் இனத்தைக் கருவியில் எப்படிப் பதிவு செய்தார்கள் என்பதைப் பொறுத்து எதிர்பார்க்கும் அளவே மாறுமே? இந்தியர்களுக்கு நுரையீரல் கொள்ளளவு சராசரியில் ஐரோப்பியர்களைவிடக் குறைவு என்று பயிற்சியில் சொன்னார்கள். ஐரோப்பிய அளவுகோலால் அளந்தால் நாம் எல்லாரும் சுருக்க நோயாளிகளாகிவிடுவோம்.

ஆய்வகத்து அக்கா | 7 மார்ச், இரவு

நல்ல கேள்வி, இதில் இன்னும் சண்டை ஓயவில்லை. 2012இல் வந்த உலகளாவிய அளவுகோலில் ஐரோப்பிய வழியினர், ஆப்பிரிக்க அமெரிக்கர், வடகிழக்கு ஆசியர், தென்கிழக்கு ஆசியர் என்ற நான்கு பிரிவுகளும், எதிலும் அடங்காதவர்களுக்கு ‘மற்றவை’ என்ற ஐந்தாவது பிரிவும் இருந்தன. டர்பனில் பிறந்த தமிழரை எந்தக் கட்டத்தில் போடுவது என்பதை இயந்திரத்தின் முன்னால் இருப்பவர்தான் முடிவு செய்தார். காலையில் ஒருவர் ‘மற்றவை’ என்பார், மாலையில் வேறொருவர் ‘ஐரோப்பியர்’ என்பார். 2022இல் இனம் கேட்காத ஒரே அளவுகோல் வெளியிடப்பட்டது. இனத்தை நீக்கியது நியாயம் என்பாரும் உண்டு, தொழில்நோய் இழப்பீடு கேட்பவரின் சதவீதம் ஒரே இரவில் மாறிவிடுகிறதே என்று கவலைப்படுவாரும் உண்டு. எனக்கு இரண்டு பக்கத்தின் வாதமும் புரிகிறது.

மாமாவின் வழக்கில் அளவுகோலை மாற்றினால் 55 என்பது 60க்குச் சற்று மேலே போகலாம். அப்போதும் அது குறைவுதான். விகிதத்தை இனம் பெரிதாக அசைப்பதில்லை. எனவே இந்தக் கேள்வி அவருக்கான விடையை மாற்றாது. எல்லைக்கோட்டில் நிற்கும் தாத்தாவைப் போன்றவர்களுக்குத்தான் மாற்றும்.

மேர்பேங்க் மாணவன் | 22 ஏப்ரல், இரவு

நீண்ட இடைவெளிக்கு மன்னிக்கவும், பெரிய மருத்துவமனையில் நாள் கிடைக்கத் தாமதமாயிற்று. சளியில் காசநோய் இல்லை. மறு சோதனையில் மாமா 9 நொடி ஊதி, கோட்டைத் தட்டையாக்கினார். எஃப்இவி-1 அதே 1.55. எஃப்விசி 2.25. விகிதம் 0.69. மெதுவாக விட்ட உயிர்ப்புத் திறன் 2.60 லிட்டர்.

பிறகு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, வாயில் குழாயைக் கடித்தபடி, மூடிய தடுப்புக்கு எதிராகச் சிறு சிறு மூச்சாக இரைக்கச் சொன்னார்கள். மொத்தக் கொள்ளளவு 6.10 லிட்டர், அதாவது எதிர்பார்த்ததில் 96 சதவீதம். எஞ்சிய கொள்ளளவு 3.50 லிட்டர், எதிர்பார்த்ததில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு.

நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 6.10இல் 3.50 போனால் 2.60. மெதுவாக விட்ட அளவோடு பொருந்துகிறது. 1.55ஐ 2.60ஆல் வகுத்தால் 0.60. அப்படியானால் இது அடைப்பு நோய்தான், அல்லவா?

மாரிட்ஸ்பர்க் செவிலி | 22 ஏப்ரல், இரவு

0.69 என்றாலே 0.70க்குக் கீழே வந்துவிட்டது. மெதுவாக விட்ட அளவு இல்லாமலே அடைப்பு என்று எழுதியிருக்கலாமே?

ஆய்வகத்து அக்கா | 23 ஏப்ரல், காலை

அந்த 0.70 என்ற நிலையான கோடு எல்லா வயதுக்கும் ஒன்றாக வரையப்பட்டது. வயது ஏற ஏற நோயில்லாதவருக்கும் விகிதம் மெல்ல இறங்குகிறது. மாமாவின் வயதில் இயல்பின் கீழ் எல்லை 0.67க்கு அருகே வரும். ஆகவே 0.69ஐ ஒரு கணக்கு அடைப்பு என்றும் மற்றொரு கணக்கு இயல்பு என்றும் சொல்லும். 0.60 என்பது இரண்டு கோட்டுக்கும் கீழே இருக்கிறது, அதனால்தான் மெதுவாக விடும் சோதனையைக் கேட்டேன். ஒரு எச்சரிக்கை: கீழ் எல்லைகள் பலத்துடன் ஊதிய எண்களிலிருந்து பெறப்பட்டவை. மெதுவான அளவால் வகுத்தால் நோயில்லாத முதியவரும், உடல் பருமனானவரும் சில சமயம் அடைப்பு நோயாளிகளாகத் தெரிவார்கள். மாமாவுக்குக் குழிந்த வரைபடமும் விசிலும் பெருத்த எஞ்சிய காற்றும் சாட்சிக்கு இருப்பதால் எனக்குத் தயக்கம் இல்லை.

கண்ணாடி அறையில் அளந்ததும் நல்லதாயிற்று. பல இடங்களில் ஹீலியம் கலந்த காற்றைச் சுவாசிக்க வைத்து, அது எவ்வளவு நீர்த்துப்போகிறது என்பதைக் கொண்டு கொள்ளளவைக் கணக்கிடுவார்கள். அடைபட்ட குழாய்களுக்குப் பின்னால் ஹீலியம் போய்ச் சேராது, ஆகவே சிறைப்பட்ட காற்று கணக்கில் வராது. மாமாவுக்கு அந்த முறையில் 5 லிட்டர் என்று வந்திருந்தால், அது எல்லைக்குக் கீழே விழுந்து, மறுபடியும் ‘சுருக்கம்’ என்று பொய்யாக முத்திரை குத்தப்பட்டிருக்கும். கண்ணாடி அறை அழுத்த மாற்றத்தைக் கொண்டு நெஞ்சுக்குள் உள்ள எல்லாக் காற்றையும் அளக்கிறது, வாயோடு தொடர்புள்ளதா இல்லையா என்று பார்ப்பதில்லை.

மேர்பேங்க் மாணவன் | 23 ஏப்ரல், மாலை

மிக்க நன்றி, அக்கா. அப்படியானால் மாமாவுக்குச் சுருக்கம் இல்லவே இல்லை என்று எழுதிக்கொள்ளலாமா? வலது மேல் மடலில் தழும்பு இருப்பதாக ஸ்கேனில் வந்திருக்கிறது.

ஆய்வகத்து அக்கா | 23 ஏப்ரல், இரவு

அதை எழுத வேண்டாம். செவிலி முதல் நாளிலேயே தழும்பு என்று சொன்னது இங்கேதான் திரும்பி வருகிறது. மேல் மடல் தழும்பால் சுருங்கி, மற்ற பகுதிகள் காற்றைச் சிறைப்பிடித்து ஊதிப் பெருத்திருந்தால், இரண்டும் ஒன்றை ஒன்று ஈடுகட்டி மொத்தக் கொள்ளளவு 96 சதவீதம் என்று அழகாக அமைந்துவிடும். மொத்த எண் ஒவ்வொரு மடலிலும் என்ன நடக்கிறது என்பதைப் பிரித்துச் சொல்லாது. காசநோய்க்குப் பின் வரும் நுரையீரல் பாதிப்பில் இந்தக் கலவை அரிதல்ல. அடைப்பு இருக்கிறது, காற்று சிறைப்பட்டிருக்கிறது என்ற வரை உறுதியாக எழுதலாம். தழும்பின் பங்கு எவ்வளவு என்பதை ஸ்கேனைப் பார்த்துத்தான் மதிப்பிட முடியும், அதுவும் ஒரு எண்ணாகக் கிடைக்காது.

மாரிட்ஸ்பர்க் செவிலி | 24 ஏப்ரல், காலை

ஆக, நானும் பாதி சரி என்று தீர்ப்பாகிவிட்டது. இருந்தாலும் கேட்கிறேன்: எங்கள் கிளினிக்கில் கண்ணாடி அறையும் இல்லை, ஹீலியமும் இல்லை. ஸ்பைரோமீட்டர் மட்டும் வைத்துக்கொண்டு அறிக்கையில் நான் என்ன எழுதுவது?

ஆய்வகத்து அக்கா | 24 ஏப்ரல், காலை

‘எஃப்விசி குறைவு, விகிதம் இயல்பு, சுருக்கமா காற்றுச் சிறையா என்று இந்தச் சோதனையால் சொல்ல இயலாது’ என்று எழுதுங்கள். ஊதிய நொடிகளையும், கோடு தட்டையாயிற்றா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். குழாய்களை விரிக்கும் மருந்தை இழுக்க வைத்து மறுபடியும் ஊதச் சொல்லுங்கள். எஃப்விசி, எதிர்பார்க்கும் அளவில் 10 சதவீதத்துக்கு மேல் உயர்ந்தால் சிறைப்பட்ட காற்று விடுதலையாகிறது என்று ஊகிக்கலாம். எஃப்விசி கூடிய அதே வீதத்தில் எஃப்இவி-1 கூடாவிட்டால், மருந்துக்குப் பிறகு விகிதம் குறைந்து வரும்; அதைப் பார்த்து மருந்து கெடுதல் செய்துவிட்டது என்று பயப்படாதீர்கள்.

டொங்காட் தாத்தா | 24 ஏப்ரல், மாலை

நானும் மறுபடி ஊதினேன். எஃப்விசி 82 சதவீதம், விகிதம் 0.79, 8 நொடியில் கோடு தட்டை. ‘இயல்பு’ என்று எழுதித் தந்தார்கள். மருமகளிடம் காட்டினேன். எடையும் இயல்பாகட்டும், அப்புறம் சோற்றைப் பற்றிப் பேசலாம் என்கிறாள்.

மேர்பேங்க் மாணவன் | 2 மே, இரவு

மாமாவுக்கு விரிக்கும் மருந்தைத் தினமும் இழுக்கக் கொடுத்திருக்கிறார்கள். மருந்துக்குப் பிந்தைய ஊதல் அடுத்த மாதம். ஸ்கேனில் சில குழாய்கள் விரிந்து சளி தங்கியிருப்பதாகவும் வந்திருக்கிறது, அதற்காக மூச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்பியிருக்கிறார்கள். அக்காவிடம் ஒன்று கேட்க வேண்டும்: விரிந்த குழாய் என்றால் காற்று எளிதாக வெளியே வர வேண்டுமே, அது எப்படி அடைப்பைக் காட்டுகிறது?

ஆய்வகத்து அக்கா | 3 மே, காலை

விரிந்தவை பெரிய, நடுத்தரக் குழாய்கள். அவற்றின் சுவர் பலவீனமாகிவிட்டதால் பலமாக ஊதும்போது மடங்கிவிடும். உள்ளே தங்கிய சளியும் வழியை மறிக்கும். அவற்றுக்குப் பின்னால் உள்ள சிறு குழாய்கள் அழற்சியால் குறுகியிருப்பதும் வழக்கம். மாமாவிடம் இவற்றில் எது எவ்வளவு என்பதை அடுத்த மாத ஊதலும் முழுதாகச் சொல்லாது. சளியை வெளியேற்றும் பயிற்சியை முடித்து, சற்று ஓய்வெடுத்த பிறகு அன்றைய சோதனையை எடுக்கச் சொல்லுங்கள். சளியோடு ஊதினால் எண்கள் வேறாகிவிடும்.